12 வயதில் ஒளிந்திருக்கும் பக்: டெஸ்டிங் வகுப்புக்கு ஆறு கேள்விகள்

சாஃப்ட்வேர் டெஸ்டிங் பயிற்சி வகுப்புகளில் அடிப்படைப் பாடங்கள் முடிந்ததும் ஒரு வினாத்தாளைக் கையில் கொடுப்பார்கள். நான்கு விடைகளில் சரியானதை டிக் செய்ய வேண்டும். இந்தத் துறையில் உலகெங்கும் எழுதப்படும் ஐ.எஸ்.டி.கியூ.பி. அடிப்படைத் தேர்வும் இதே பாணிதான்: 40 கேள்விகள், 60 நிமிடம், தேற 26 மதிப்பெண். இப்படிப்பட்ட வினாத்தாளைத் தயாரிப்பவருக்குச் சரியான விடையை எழுதுவது சுலபம். மற்ற மூன்று விடைகளை எழுதுவதில்தான் வேலை அதிகம். பாடத்தை அரைகுறையாகப் புரிந்துகொண்டவர் எங்கே வழுக்குவார் என்று யோசித்து, அந்த இடத்தில் ஒவ்வொன்றையும் வைக்க வேண்டும்.

கணினி படிக்காதவர்களும் உட்கார்ந்து எழுதக்கூடிய ஆறு கேள்விகள் இங்கே இருக்கின்றன. ஆறும் ஒரே சிறிய புரோகிராமைச் சுற்றி வருபவை.

முதலில் விதி, பிறகு புரோகிராம்

நம் ரயில்வேயின் சிறுவர் கட்டண விதி பலருக்கும் தெரிந்ததுதான். 5 வயது நிரம்பாத குழந்தைக்குக் கட்டணம் இல்லை. 5 நிரம்பி 12 நிரம்பாதவர்களுக்குப் பாதிக் கட்டணம். 12 நிரம்பிவிட்டால் முழுக் கட்டணம். சிறுவர்களுக்குத் தனிப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம் என்ற விதி 2016-இல் வந்தது. வகுப்புக்குச் சிக்கல் வேண்டாம் என்பதற்காக அதை இங்கே விட்டுவிடுவோம். தனிப் படுக்கை கேட்காத பயணம் என்றே வைத்துக்கொள்வோம். கூடவே நாமாக ஒரு நிபந்தனையைச் சேர்ப்போம்: வயது 0 முதல் 125 வரையுள்ள முழு எண்ணாக இருக்க வேண்டும், அதற்கு வெளியே எது வந்தாலும் 'வயது தவறு' என்று திரையில் காட்ட வேண்டும்.

பயிற்சிக்காக எழுதப்பட்ட புரோகிராம் இது. ரயில்வேயின் உண்மையான முன்பதிவு முறைக்கும் இதற்கும் தொடர்பில்லை.

```
if age < 5:
    fare = 0
elif age <= 12:
    fare = full / 2
else:
    fare = full
```

முதல் வரி, வயது ஐந்துக்குக் கீழே இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால் கட்டணம் பூஜ்யம். இல்லையென்றால் மூன்றாவது வரி, வயது பன்னிரண்டோ அதற்குக் கீழோ என்று பார்த்துப் பாதிக் கட்டணம் போடுகிறது. இரண்டிலும் சிக்காதவர்களுக்கு முழுக் கட்டணம். இதில் இரண்டு குறைகள் இருக்கின்றன. கண்டுபிடித்துவிட்டீர்களா? இல்லையென்றாலும் பரவாயில்லை, கேள்விகளுக்குப் போவோம்.

கேள்வி 1. பன்னிரண்டு வயதுச் சிறுமிக்குப் பாதிக் கட்டணத்தில் டிக்கெட் அச்சாகி வந்தது. டெஸ்டிங் மொழியில் இதற்கு என்ன பெயர்?

அ) ஃபெயிலியர்
ஆ) டிஃபெக்ட்
இ) எரர்
ஈ) ரூட் காஸ்

விடை: அ.

பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் 'பக்' என்று சொல்லிவிடுகிறோம். டெஸ்டர்கள் மூன்றாகப் பிரிப்பார்கள். புரோகிராமை எழுதியவர் விதியைப் படிக்கும்போது பன்னிரண்டும் பாதிக் கட்டணத்தில் சேரும் என்று நினைத்துக்கொண்டாரே, அது எரர், மனிதர் செய்வது. அந்த நினைப்பால் மூன்றாவது வரியில் `<` வர வேண்டிய இடத்தில் `<=` வந்து உட்கார்ந்தது டிஃபெக்ட். அது கோடுக்குள் இருப்பது. புரோகிராம் ஓடும்போது தவறான டிக்கெட் வெளியே வந்தது ஃபெயிலியர். அது கண்ணுக்குத் தெரிவது. விதி குழப்பமாக எழுதப்பட்டிருந்து அதனால்தான் அவர் தவறாகப் படித்தார் என்றால், அந்தக் குழப்பமான எழுத்து ரூட் காஸ்.

இப்படிப் பிரிப்பதற்குக் காரணம் உண்டு. டிஃபெக்ட் உள்ளே இருந்தும் ஃபெயிலியர் வெளியே தெரியாமல் வருடக்கணக்கில் போகலாம். சரியாகப் பன்னிரண்டு வயதுள்ள யாரும் டிக்கெட் எடுக்காதவரை நம் புரோகிராம் ஒழுங்காகவே வேலை செய்யும். ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட்டுக்கு நடந்தது இதுதான். 1996 ஜூன் 4 அன்று கிளம்பி 40 விநாடிக்குள் அது சிதறியது. அதன் வழிகாட்டும் சாஃப்ட்வேரின் ஒரு பகுதி ஏரியன் 4-இலிருந்து அப்படியே எடுக்கப்பட்டது. அதில் 64 பிட் எண் ஒன்றை 16 பிட் இடத்துக்குள் அடைக்கும் வரி இருந்தது. பழைய ராக்கெட்டின் பாதையில் அந்த எண் ஒருபோதும் அவ்வளவு பெரிதானதில்லை. புதிய ராக்கெட்டின் பக்கவாட்டு வேகம் அதிகம். எண் இடத்துக்குள் கொள்ளவில்லை. மாற்றுக் கருவியிலும் அதே சாஃப்ட்வேர் இருந்ததால் அதுவும் அதே இடத்தில் நின்றுபோனது.

கேள்வி 2. ஒரு வகைக்கு ஒரு வயது என்று எடுத்து எல்லா வகைகளையும் சோதிக்கக் குறைந்தது எத்தனை டெஸ்ட் கேஸ் வேண்டும்?

அ) 3
ஆ) 5
இ) 10
ஈ) 126

விடை: ஆ.

விதி ஒரே மாதிரி நடத்தும் வயதுகளையெல்லாம் ஒரு வகுப்பாகச் சேர்ப்பதற்கு ஈக்விவலன்ஸ் பார்ட்டிஷனிங் என்று பெயர். ஆறு வயதுக்குச் சரியான கட்டணம் வந்தால் ஒன்பது வயதுக்கும் வரும் என்பது இதன் அடிப்படை அனுமானம். அதனால் ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் ஒரு வயதைப் பிரதிநிதியாக எடுத்தால் போதும்.

0 முதல் 4, 5 முதல் 11, 12 முதல் 125 என்று மூன்று வகுப்புகள் உடனே தெரிகின்றன. அதோடு நிறுத்தியவர்கள் 'அ' என்று எழுதியிருப்பார்கள். ஆனால் பூஜ்யத்துக்குக் கீழே ஒரு வகுப்பும், 125-க்கு மேலே ஒரு வகுப்பும் இருக்கின்றன. பிழைச் செய்தி காட்ட வேண்டிய வகுப்புகள் அவை. விரல் தவறி -3 என்று அடிப்பவருக்கு என்ன நடக்கும் என்பதையும் டெஸ்டர்தான் பார்க்க வேண்டும்.

'ஈ' என்று எழுதியவர்கள், 0 முதல் 125 வரை எல்லா வயதையும் ஒரு முறை சோதித்துவிடலாமே என்று நினைத்திருப்பார்கள். வயது மட்டும் என்றால் 126 எண்களைக் கணினி கண் சிமிட்டும் நேரத்தில் சோதித்துவிடும். கூடவே பயண நாள், வகுப்பு, ஒதுக்கீடு, ரயில் என்று சேரச் சேர எண்ணிக்கை பெருகும். தலா 32 பிட் உள்ள வெறும் இரண்டு எண்களை வாங்கும் புரோகிராமின் எல்லாச் சேர்க்கைகளையும் சோதிக்க, விநாடிக்கு நூறு கோடி என்ற வேகத்தில் போனாலும் ஏறக்குறைய 584 வருடங்கள் ஆகும். அதனால்தான் வகுப்பு பிரிக்கிறோம்.

கேள்வி 3. மேலே உள்ள புரோகிராமின் மூன்றாவது வரியில் இருக்கும் குறையைக் காட்டிக்கொடுக்கும் வயது எது?

அ) 8
ஆ) 11
இ) 12
ஈ) 13

விடை: இ.

ஒவ்வொன்றையும் கையால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எட்டு வயதுக்கு விதி பாதி என்கிறது, புரோகிராமும் பாதி என்கிறது. பதினொன்றுக்கும் அப்படியே. பதின்மூன்றுக்கு இரண்டுமே முழுக் கட்டணம். பன்னிரண்டுக்கு மட்டும் விதி முழுக் கட்டணம் என்கிறது, புரோகிராம் பாதி என்கிறது. நூற்றுக்கு மேற்பட்ட வயதுகளில் ஒரே ஒரு வயதில்தான் இந்தக் குறை வெளியே தலைகாட்டுகிறது.

புரோகிராம் எழுதுபவர்கள் வகுப்பின் நடுவில் தவறுவது குறைவு. வகுப்பு முடியும் இடத்தில், `<` போடுவதா `<=` போடுவதா என்ற இடத்தில்தான் கை வழுக்கும். அதனால் டெஸ்டர்கள் எல்லைகளைத் தேடிப் போகிறார்கள். இதற்கு பவுண்டரி வேல்யூ அனாலிசிஸ் என்று பெயர். ஒவ்வொரு எல்லையிலும் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று எடுத்தால் நமக்கு எட்டு வயதுகள் கிடைக்கும்: -1, 0, 4, 5, 11, 12, 125, 126. எல்லையின் ஒரு பக்கத்தை மட்டும் சோதிப்பவர் 11-ஐப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிவிட வாய்ப்புண்டு.

கேள்வி 4. 3, 8, 40 ஆகிய மூன்று வயதுகளை வைத்துச் சோதித்ததில் மூன்றும் பாஸ். கவரேஜ் கருவி 100 சதவீதம் என்று காட்டுகிறது. இதிலிருந்து என்ன தெரிகிறது?

அ) புரோகிராமில் பக் இல்லை
ஆ) எல்லைகளைச் சோதிக்கத் தேவையில்லை
இ) கருவி தவறாகக் கணக்கிட்டிருக்கிறது
ஈ) எழுதப்பட்ட எல்லா வரிகளும் ஒரு முறையாவது ஓடியிருக்கின்றன

விடை: ஈ.

கருவி சொல்வது உண்மைதான். மூன்றை உள்ளே கொடுத்தால் முதல் கிளை ஓடும், எட்டுக்கு இரண்டாவது, நாற்பதுக்கு மூன்றாவது. ஓடாத வரி என்று ஒன்றுகூட மிச்சமில்லை, போகாத கிளையும் இல்லை. ஸ்டேட்மென்ட் கவரேஜ், பிராஞ்ச் கவரேஜ் இரண்டும் 100 சதவீதம். அப்படியிருந்தும் பன்னிரண்டாம் வயதுக் குறை அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஒரு வரி ஓடியதா என்பதைத்தான் கவரேஜ் எண்ணுகிறது. சிக்கலான வயதோடு ஓடியதா என்று அது பார்ப்பதில்லை.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. -1 என்று கொடுத்துப் பாருங்கள். அது ஐந்துக்குக் கீழேதானே? புரோகிராம் இலவச டிக்கெட் கொடுத்துவிடும். 'வயது தவறு' என்று காட்ட வேண்டிய வரியை யாரும் எழுதவே இல்லை. எழுதாத வரியைக் கவரேஜ் கருவியால் எண்ண முடியாது. கோடை மட்டும் பார்த்து டெஸ்ட் எழுதினால் இந்தக் குறை கடைசிவரை கிடைக்காது. விதியைக் கையில் வைத்துக்கொண்டு எழுதினால் கேள்வி 2-இலேயே கிடைத்துவிடும்.

'அ' என்று எழுதியவர்கள் டச்சுக் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1969-இல் ரோம் நகரில் நடந்த மாநாட்டில் சொன்ன கருத்தை நினைவில் வைத்துக்கொள்ளலாம்: சோதனை பக் இருப்பதைக் காட்டும், பக் இல்லை என்று அதனால் நிரூபிக்க முடியாது.

கேள்வி 5. கட்டணப் புரோகிராம் வயதை வருடக் கணக்கில் எதிர்பார்க்கிறது. படிவத்தை எழுதிய குழு, கைக்குழந்தைகளுக்கு மட்டும் வயதை மாதக் கணக்கில் அனுப்புகிறது. இரண்டும் தனித்தனியே சரியாகச் சோதிக்கப்பட்டவை. இந்தக் குறையை முதலில் பிடிக்க வேண்டிய கட்டம் எது?

அ) யூனிட் டெஸ்டிங்
ஆ) இன்டக்ரேஷன் டெஸ்டிங்
இ) சிஸ்டம் டெஸ்டிங்
ஈ) அக்செப்டன்ஸ் டெஸ்டிங்

விடை: ஆ.

எட்டு மாதக் குழந்தைக்குப் படிவம் 8 என்று அனுப்புகிறது. கட்டணப் புரோகிராம் அதை எட்டு வயது என்று எடுத்துக்கொண்டு பாதிக் கட்டணம் போடுகிறது. படிவத்தைத் தனியாகச் சோதித்தால் அது சொன்னபடி மாதத்தை அனுப்புகிறது. கட்டணப் பகுதியைத் தனியாகச் சோதித்தால் எட்டு வயதுக்குச் சரியான தொகை வருகிறது. குறை இரண்டிலும் இல்லை, இரண்டும் சேரும் இடத்தில் இருக்கிறது. அந்தச் சேர்க்கையைச் சோதிப்பதுதான் இன்டக்ரேஷன் டெஸ்டிங். சிஸ்டம் டெஸ்டிங்கிலும் இது மாட்டக்கூடும். ஆனால் அதற்குள் மற்ற பகுதிகள் எல்லாம் சேர்ந்துவிடும். எங்கிருந்து வந்த குறை என்று தேடுவதிலேயே நாள் போகும். கேள்வியில் 'முதலில்' என்ற சொல் இருப்பது அதற்காகத்தான்.

நாசா அனுப்பிய மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் 1999 செப்டம்பர் 23 அன்று இப்படித்தான் தொலைந்தது. தரையிலிருந்த ஒரு சாஃப்ட்வேர், உந்துவிசையின் அளவைப் பவுண்டு அலகில் எழுதிக் கொடுத்தது. பாதையைக் கணக்கிட்டவர்கள் அது நியூட்டன் அலகு என்று எடுத்துக்கொண்டார்கள். இரண்டுக்கும் ஏறக்குறைய நாலரை மடங்கு வித்தியாசம். செவ்வாய்க்கு மேல் 226 கிலோமீட்டர் உயரத்தில் போக வேண்டிய கலம் சுமார் 57 கிலோமீட்டருக்கு இறங்கிவிட்டது. பிறகு அதிலிருந்து சிக்னல் வரவே இல்லை.

கேள்வி 6. டெவலப்பர் `age <= 12` என்பதை `age < 12` என்று திருத்தினார். அதே சூட்டில் மேல் வரியையும் தொட்டு `age <= 5` என்று மாற்றிவிட்டார். டெஸ்டர் 12-ஐக் கொடுத்துப் பார்த்தார். முழுக் கட்டணம் வந்தது. புதிதாக நுழைந்த குறையைக் கண்டுபிடிப்பது எது?

அ) கன்ஃபர்மேஷன் டெஸ்டிங்
ஆ) ஸ்மோக் டெஸ்டிங்
இ) ரெக்ரெஷன் டெஸ்டிங்
ஈ) அக்செப்டன்ஸ் டெஸ்டிங்

விடை: இ.

12-ஐ மறுபடி கொடுத்துப் பார்த்தாரே, அது கன்ஃபர்மேஷன் டெஸ்டிங். அலுவலகங்களில் ரீடெஸ்ட் என்பார்கள். சொன்ன குறை சரியானதா என்பதோடு அதன் வேலை முடிந்தது. நேற்றுவரை சரியாக இருந்தது இன்றும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது ரெக்ரெஷன். ஐந்து வயதுக் குழந்தைக்கு நேற்றுவரை பாதிக் கட்டணம் வந்தது. திருத்தத்துக்குப் பிறகு இலவசம் என்று வருகிறது. கேள்வி 3-இல் எழுதிவைத்த எட்டு வயதுகளையும் மறுபடி ஓட்டினால் 5 என்ற டெஸ்ட் உடனே சிவப்பாகிவிடும். ஸ்மோக் டெஸ்ட், புரோகிராம் திறக்கிறதா, டிக்கெட் வருகிறதா என்ற அளவில் நின்றுவிடுவதால் இந்த நுணுக்கம் அதில் தப்பிவிடும்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் அதிகம் தடுமாறுவது இந்த இடத்தில். டிக்கெட் வந்தது, குறை சரியாகிவிட்டது என்று எழுதி அந்தப் பக்கை மூடிவிடுவார்கள். ஒரு எழுத்துத் திருத்தம்தானே என்ற எண்ணம்தான் காரணம். இங்கே சேதத்தை உண்டாக்கியதும் ஒரே ஒரு எழுத்துதான்.

விடைத்தாளை எப்படிப் படிப்பது?

ஆறுக்கு நான்கு என்று மதிப்பெண் போட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தால் பயிற்சியாளருக்குப் பாதித் தகவல்தான் கிடைக்கும். யார் எந்தத் தவறான விடையைத் தேர்ந்தெடுத்தார் என்பதைப் பார்க்க வேண்டும். மூன்றாவது கேள்விக்கு 11 என்று எழுதியவருக்கு எல்லையைச் சோதிக்க வேண்டும் என்பது தெரியும். எந்தப் பக்கம் குறை தெரியும் என்று கணக்குப் போடவில்லை. அவரைக் கையால் ஒரு முறை புரோகிராமை ஓட்டிப் பார்க்கச் சொன்னால் போதும். 8 என்று எழுதியவருக்கு எல்லை என்ற பாடமே ஏறவில்லை. அவருக்கு மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். இருவருக்கும் பூஜ்யம்தான், ஆனால் தேவைப்படும் பாடம் வேறு.

முப்பது பேர் எழுதி, ஒருவர்கூடத் தொடாத விடை ஒன்று இருந்தால் அதை அடுத்த வகுப்புக்கு மாற்றிவிட வேண்டும். நான்காவது கேள்வியில் 'கருவி தவறாகக் கணக்கிட்டிருக்கிறது' என்பதை எவரும் எழுதவில்லையென்றால், அங்கே நான்குக்குப் பதில் மூன்று விடைகள்தான் இருக்கின்றன என்று பொருள். ஊகித்து எழுதுபவருக்கு அது வசதி.

எட்டு வயதுகளையும் மனப்பாடம் செய்துகொண்டு, எல்லைகளைச் சோதித்தாலே போதும் என்று நம்பிவிடும் மாணவர்களுக்காகக் கரும்பலகையில் எழுத ஒரு உபரிக் கேள்வி உண்டு. இன்னொருவர் வயதுச் சரிபார்ப்பைச் சரியாக எழுதிவிட்டு, நடு வரியை மட்டும் இப்படி எழுதிக் கொண்டுவருகிறார்:

```
elif age in (5, 11):
```

5 முதல் 11 வரை என்ற நினைப்பில் எழுதியது. பைத்தான் மொழி இதை '5 அல்லது 11' என்றுதான் எடுத்துக்கொள்ளும். ஆறு முதல் பத்து வயதுவரை எல்லோருக்கும் முழுக் கட்டணம் விழும். -1, 0, 4, 5, 11, 12, 125, 126 என்ற எட்டு எல்லைகளும் பாஸ் ஆகும். இந்தக் குறையைப் பிடிக்க வகுப்பின் நடுவிலிருந்து ஒரு வயது வேண்டும். மூன்றாவது கேள்வியில் தவறான விடையாக நின்ற 8 இங்கே சரியான விடை. வகுப்புக்கு ஒரு பிரதிநிதியையும் எடுக்க வேண்டும், எல்லைகளையும் சேர்க்க வேண்டும். நம் சின்னப் புரோகிராமுக்கு மொத்தம் 13 டெஸ்ட் கேஸ்கள் ஆகின்றன.